மோல், செறிவு கணக்கு அட்டைகள்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் கணக்கு அட்டை போட்டுப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவை இவை. அவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூத்திரம் தெரியாமல் தப்பு செய்பவர்கள் குறைவு. கோட்டுக்குக் கீழே, வகுக்கும் இடத்தில், எந்தப் பொருளின் எந்த அளவை வைத்தோம் என்று பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு இடத்தையே சுற்றி வரும்.

அட்டையில் கணக்கும் விடையும் எழுதினால் போதாதா?

போதாது. விடையை மட்டும் எழுதிய அட்டை நாலு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். எண்ணை மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். முன்பக்கம் கணக்கு மட்டும் இருக்கட்டும். பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் கொடுத்திருப்பதை அலகோடு எழுத வேண்டும். இரண்டாவது வரியில் அலகு மாறி மாறிப் போகும் பாதை. மூன்றாவது வரியில், இந்தக் கணக்கில் நீங்கள் உண்மையில் செய்த தவறும், அந்தத் தவறால் வந்த விடையும்.

ஓர் அட்டை இப்படி இருக்கும்.

முன்பக்கம்: 4.9 கிராம் H₂SO₄ கரைந்துள்ள 500 மி.லி. கரைசலின் மோலாரிட்டி என்ன?

பின்பக்கம்:
4.9 கிராம்; 98 கிராம் = 1 மோல்; 500 மி.லி. = 0.5 லிட்டர்.
4.9 ÷ 98 = 0.05 மோல், 0.05 மோல் ÷ 0.5 லிட்டர் = 0.1 மோலார்.
நான் செய்த தவறு: 500-ஐ அப்படியே வைத்து வகுத்தேன்; 0.0001 வந்தது.

அந்தத் தவறான விடையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், அடுத்த முறை வேறொரு கணக்கில் 0.0001 மாதிரி ஒரு சின்ன எண் வரும்போது அது உடனே கண்ணில் உறுத்தும். சரியான விடையை விட ஆயிரம் மடங்கு குறைவாகவோ கூடுதலாகவோ வந்தால், மில்லிலிட்டரும் லிட்டரும் கலந்துவிட்டன என்றே வைத்துக்கொள்ளலாம்.

அலகு மாற்று அட்டவணை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் நீளமான அட்டவணை வேண்டாம். மோல், செறிவு கணக்குகளுக்கு இந்த ஆறு வரி போதும். இதை ஒரு தனி அட்டையில் எழுதி, கட்டின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

| இது | இதற்குச் சமம் | வழுக்கும் இடம் |
|---|---|---|
| 1 லிட்டர் | 1 கன டெசிமீட்டர் = 1000 கன சென்டிமீட்டர் | 1 டெசிமீட்டர் = 10 செ.மீ. என்பதால் 10 என்று போடுவது |
| 1 கன மீட்டர் | 1000 லிட்டர் | 100 என்று போடுவது |
| 1 மோல்/லிட்டர் | 1 மில்லிமோல்/மி.லி. | மேலும் கீழும் ஒன்றை மட்டும் மாற்றுவது |
| 1 மோல்/லிட்டர் | 1000 மோல்/கன மீட்டர் | 1000 ஆல் வகுத்துவிடுவது |
| 1 கிராம் | 1000 மி.கிராம் | 1 மி.கி. = 0.01 கிராம் என்று எழுதுவது |
| 1 மி.கி./லிட்டர் (மிக நீர்த்த நீர்க்கரைசலில்) | சுமார் 1 பிபிஎம் | அடர் கரைசலுக்கும் இதையே போடுவது |

மூன்றாவது வரியைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டால் தரம் பார்த்தல் கணக்குகள் பாதி எளிதாகிவிடும். 0.05 மோலார் கரைசலில் 20 மி.லி. எடுத்தால் அதில் 0.05 × 20 = 1 மில்லிமோல் இருக்கிறது. லிட்டருக்கு மாற்றவே வேண்டாம், சுழியங்களை எண்ணவும் வேண்டாம். மேலே மில்லிமோல், கீழே மில்லிலிட்டர் என்று இரண்டும் சேர்ந்தே மாறியிருப்பதால் இது சரியாக வருகிறது.

கிராமை மோலாக்கும்போது பெருக்குவதா, வகுப்பதா என்று எனக்கு எப்போதும் குழப்பம். நினைவில் வைக்க வழி இருக்கிறதா?

நினைவில் வைக்க முயற்சி செய்யாதீர்கள். மோலார் நிறையை வெறும் எண்ணாக எழுதாமல் "40 கிராம் = 1 மோல்" என்று ஒரு சமன்பாடாக எழுதுங்கள். கையில் 10 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, ஒரு மோலுக்கே 40 கிராம் வேண்டும் என்றால், இருப்பது கால் மோல். 400 என்று விடை வந்தால் அது நடக்காத காரியம் என்று கணக்குப் போடாமலே தெரிந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழுக்கல், எதன் மோல் என்று சொல்லாமல் விடுவது. 16 கிராம் ஆக்சிஜன் என்றால் O அணுக்களாக ஒரு மோல், O₂ மூலக்கூறுகளாக அரை மோல். கணக்கில் "ஆக்சிஜன் வாயு" என்று இருந்தால் 32. அதே மாதிரி 0.1 மோலார் CaCl₂ கரைசலில் குளோரைடு அயனியின் செறிவு 0.2 மோலார். அட்டையில் மோல் என்ற சொல்லுக்கு முன்னால் பொருளின் வாய்பாட்டை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஆக்சாலிக் அமிலத்துக்கு 90 போட வேண்டுமா, 126 போட வேண்டுமா? இரண்டையும் புத்தகத்தில் பார்க்கிறேன்.

நீங்கள் தராசில் வைக்கும் பொருள் எதுவோ அதன் மோலார் நிறையைப் போட வேண்டும். ஆய்வகத்து அலமாரியில் இருக்கும் ஆக்சாலிக் அமிலப் புட்டியின் லேபிளில் பெரும்பாலும் H₂C₂O₄·2H₂O என்று இருக்கும். அந்த இரண்டு நீர் மூலக்கூறுகளும் படிகத்துக்குள்ளேயே இருக்கின்றன. தராசு அவற்றையும் சேர்த்துத்தான் நிறுக்கும். 90.03 என்பது நீரற்ற அமிலத்தின் நிறை, அதோடு 36.04 சேர்ந்தால் 126.07.

இதை முழுதாக ஒரு அட்டையாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்த ஒரு தவறு கடைசி வரை எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்கும்போதுதான் அதன் கனம் புரியும்.

0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க வேண்டும். தேவையான மோல் 0.05 × 0.25 = 0.0125. எடை 0.0125 × 126.07 = 1.576 கிராம். ஒரு மாணவி 90 போட்டு 1.125 கிராம் எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கரைசலில் உண்மையில் இருப்பது 1.125 ÷ 126.07 = 0.00892 மோல், செறிவு 0.0357 மோலார். ஆனால் நோட்டில் 0.05 என்றே எழுதியிருக்கிறாள்.

இப்போது இதை வைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடைத் தரம் பார்க்கிறாள். அதன் உண்மையான செறிவு 0.098 மோலார் என்று கொள்வோம். பிப்பெட்டில் 20 மி.லி. அமிலம் எடுத்தால், சரியான கரைசலாக இருந்திருந்தால் 1 மில்லிமோல் அமிலம் இருந்திருக்கும். அதற்கு 2 மில்லிமோல் காரம் வேண்டும், பியூரெட்டில் 20.4 மி.லி. இறங்கியிருக்கும். இவளுக்கு 14.6 மி.லி. அளவிலேயே இளஞ்சிவப்பு நிறம் வந்துவிடும். 2 மில்லிமோலை 14.57-ஆல் வகுத்துக் காரத்தின் செறிவு 0.137 மோலார் என்று எழுதுவாள்.

தவறு நடந்திருக்கிறது என்பதை இந்த 0.137-ஏ காட்டிக்கொடுக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் வீதம் நிறுத்துப் போட்ட காரம் அது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அதன் செறிவு 0.1-க்குச் சற்றுக் கீழே வருவது இயல்பு. 0.1-க்கு மேலே 37 சதவீதம் கூடுதலாக வர வழியே இல்லை. அப்படி வந்தால் காரத்தைச் சந்தேகிக்காமல், திட்டக் கரைசல் தயாரித்த எடையைத் திரும்பிப் பாருங்கள்.

இதன் எதிர்ப்பக்கத் தவறை நானே என் ஆரம்ப ஆண்டுகளில் செய்திருக்கிறேன். ஈரம் போகட்டும் என்று ஆக்சாலிக் அமிலத்தை ஓவனில் 100 டிகிரிக்கு மேல் வைத்து உலர்த்திவிட்டு, 126 போட்டு நிறுத்தேன். அந்தச் சூட்டில் படிக நீர் வெளியேறிவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கரைசல் எதிர்பார்த்ததை விட வலுவாகி, வகுப்பு முழுக்கப் பியூரெட் அளவு 28 மி.லி. பக்கம் போய்க்கொண்டிருந்தது. நீர் முழுதும் போயிருந்தால் 1.576 கிராம் என்பது 0.07 மோலார் ஆகிவிடும். எண்கள் அதோடு ஒத்துப்போயின. ஆக்சாலிக் அமிலப் படிகத்தை ஓவனில் உலர்த்தக் கூடாது.

லேபிளைப் பார்க்க வேண்டிய மற்ற பொருட்கள்: காப்பர் சல்பேட் (நீரற்றது 159.6, ஐந்து நீரோடு 249.7), சோடியம் கார்பனேட் (106, பத்து நீரோடு 286), மோர் உப்பு (ஆறு நீரோடு 392).

M₁V₁ = M₂V₂ போட்டால் சில கணக்கில் சரியாக வருகிறது, சில கணக்கில் தப்பாக வருகிறது. ஏன்?

அது நீர்க்கச் செய்யும் கணக்குக்கான வாய்பாடு. தண்ணீர் ஊற்றும்போது கரைபொருளின் மோல் மாறுவதில்லை. முன்னால் இருந்த மோலும் பின்னால் இருக்கும் மோலும் ஒன்று என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டு பொருட்கள் வினைபுரியும்போது அவை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புரிந்தால் மட்டுமே தற்செயலாக அதே வாய்பாடு பொருந்தும். HCl-உம் NaOH-உம் அப்படி. அதனால்தான் உங்களுக்குச் சில கணக்கில் சரியாக வந்தது.

பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமில ஊடகத்தில் 2 மோல் KMnO₄ வினைபுரிவது 5 மோல் ஆக்சாலிக் அமிலத்தோடு. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி. எடுத்தேன், பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவானது. அமிலம் 1 மில்லிமோல். பெர்மாங்கனேட் அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 0.4 மில்லிமோல். செறிவு 0.4 ÷ 20 = 0.02 மோலார். M₁V₁ = M₂V₂ போட்டவருக்கு 0.05 வரும், இரண்டரை மடங்கு கூடுதல். விடை இரண்டரை மடங்கு, இரண்டு மடங்கு, பாதி என்று சின்ன முழு எண் விகிதத்தில் தவறினால், சமன்பாட்டின் குணகத்தை விட்டுவிட்டோம் என்று பொருள். ஆயிரம் மடங்கு தவறினால் அலகு. தவறின் அளவே அதன் காரணத்தைச் சொல்லிவிடும், இதை அட்டையிலும் குறித்துவையுங்கள்.

நார்மாலிட்டியில் போட்டால் N₁V₁ = N₂V₂ எந்த வினைக்கும் பொருந்தும். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. மோலாரிட்டியை நார்மாலிட்டியாக்கப் பெருக்கும் எண் அந்தப் பொருளுக்கு நிலையானது இல்லை, வினையைப் பொறுத்தது. பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 5 எலக்ட்ரான்களை ஏற்கும், சமான நிறை 158 ÷ 5 = 31.6. நடுநிலை ஊடகத்தில் 3 எலக்ட்ரான்கள், சமான நிறை 52.7. ஒரே புட்டியில் இருக்கும் 0.02 மோலார் கரைசல் ஒரு வினைக்கு 0.1 நார்மல், இன்னொரு வினைக்கு 0.06 நார்மல். என் மாணவர்களை மோலாரிட்டியிலும் சமன்பாட்டிலுமே போடச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வில் நார்மாலிட்டி கேட்டால் கடைசி வரியில் மாற்றிக்கொள்ளலாம்.

மோலாரிட்டியும் மோலாலிட்டியும் கிட்டத்தட்ட ஒரே விடைதானே தருகின்றன? எதற்கு இரண்டு?

நீர்த்த நீர்க்கரைசலில் அப்படித்தான் தோன்றும். 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலின் மோலாலிட்டி சுமார் 0.1005. ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ ஒரு கிலோ தண்ணீர் இருப்பதால் இரண்டும் ஒட்டி வருகின்றன. பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் நீர்த்த கரைசல்களாக இருப்பதால், வித்தியாசத்தைக் கவனிக்காமலே ஒரு வருடம் ஓட்டிவிட முடியும்.

அடர் கந்தக அமிலத்தில் போட்டுப் பாருங்கள். எடையில் 98 சதவீதம், அடர்த்தி 1.84 கிராம்/மி.லி. நூறு கிராம் கரைசல் எடுத்துக்கொள்வோம். அதில் அமிலம் 98 கிராம், அதாவது ஒரு மோல். தண்ணீர் 2 கிராம்.

மோலாரிட்டிக்குக் கீழே வர வேண்டியது கரைசலின் பருமன்: 100 ÷ 1.84 = 54.3 மி.லி. = 0.0543 லிட்டர். 1 ÷ 0.0543 = 18.4 மோலார்.

மோலாலிட்டிக்குக் கீழே வர வேண்டியது கரைப்பானின் எடை மட்டும்: 2 கிராம் = 0.002 கிலோ. 1 ÷ 0.002 = 500 மோலால்.

ஒரே புட்டி, ஒன்றில் 18, இன்னொன்றில் 500. இங்கே மாணவர்கள் அதிகம் செய்வது, மோலாலிட்டிக்கும் 100 கிராம் கரைசலையே கீழே வைத்து 10 என்று முடிப்பது. விடை அழகான முழு எண்ணாக வருவதால் சந்தேகமும் வராது. கணக்கில் "சதவீதம்" என்ற சொல்லைப் பார்த்ததும், 100-இலிருந்து கழித்துக் கரைப்பானின் எடையைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வெப்பநிலையும் ஒரு காரணம். சூடானால் கரைசல் விரிகிறது, அதனால் மோலாரிட்டி குறைகிறது. எடை மாறாது, மோலாலிட்டியும் மாறாது. கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு கணக்குகளில் மோலாலிட்டி வருவது இதனால்தான். ஸ்டாண்டர்ட் பிளாஸ்கின் மேல் 20 °C என்றோ 27 °C என்றோ பொறித்திருப்பதையும் போய்ப் பாருங்கள், அந்த வெப்பநிலையில்தான் அதன் கோடு சரி. இரண்டின் குறியீடுகளும் M, m என்று இருப்பதால் வேகமாக எழுதும்போது கலந்துவிடும். அட்டையில் குறியீட்டை விட்டுவிட்டு "மோல்/லிட்டர்", "மோல்/கிலோ" என்றே எழுதலாம்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 1 மோலார் 250 மி.லி. தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும்? லேபிளில் மோலாரிட்டியே போடவில்லை.

லேபிளில் சதவீதமும் அடர்த்தியும் இருக்கும், அவை போதும். 37 சதவீதம், 1.19 கிராம்/மி.லி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1190 கிராம். அதில் HCl 37 சதவீதம், 440 கிராம். 36.46-ஆல் வகுத்தால் 12.1 மோல். ஆக அது 12.1 மோலார். வேண்டியது 0.25 மோல்; 0.25 ÷ 12.1 = 0.0207 லிட்டர். 20.7 மி.லி.

இதில் இரண்டு இடம் வழுக்கும். அடர்த்தியை மறந்து, 37 சதவீதம் என்றால் 100 மி.லி.க்கு 37 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 10.15 மோலார் வரும். அதை நம்பி 24.6 மி.லி. எடுத்தால் தயாராவது 1 மோலார் இல்லை, 1.19 மோலார். தவறு 1.19 மடங்காக வந்திருப்பதைக் கவனியுங்கள், அது அடர்த்தியின் எண்ணேதான்.

மற்றொன்று தண்ணீர் ஊற்றும் விதத்தில் இருக்கிறது. 20.7 மி.லி. அமிலத்தோடு 250 மி.லி. தண்ணீர் சேர்ப்பது வேறு, 250 மி.லி. வரை தண்ணீர் சேர்ப்பது வேறு. முதல் முறையில் மொத்தம் 270 மி.லி.க்கு மேல் போய்விடும், செறிவு சுமார் 0.92 மோலார். வினாத்தாளில் "250 மி.லி.க்கு நீர்க்கப்பட்டது" என்று வந்தால் அது கடைசிப் பருமன். "250 மி.லி. நீர் சேர்க்கப்பட்டது" என்றால் கூட்ட வேண்டும்.

கை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்கில் முதலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கட்டும், அதில் அமிலத்தை மெல்ல ஊற்றி, ஆறிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது திட்டக் கரைசல் ஆகாது; அடிக்கடி திறந்த புட்டியிலிருந்து HCl வாயுவாகப் போய்க்கொண்டே இருக்கும், லேபிளின் 37 அப்படியே இருக்காது. நீரற்ற சோடியம் கார்பனேட் போன்ற ஒன்றால் தரம் பார்த்துத்தான் சரியான செறிவை எழுத முடியும்.

வாயு கணக்கில் 22.4 போடுவதா, 22.7 போடுவதா? சிலர் 24.5 என்றும் சொல்கிறார்கள்.

மூன்றும் சரி, நிபந்தனைதான் வேறு. 0 °C, 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 22.4 லிட்டர். 1982-இல் ஐயுபிஏசி திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது, அதன்படி 0 °C-இல் 22.7 லிட்டர். 25 °C, 1 வளிமண்டல அழுத்தத்தில் 24.5 லிட்டர். கேள்வியில் அழுத்தம் எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பெரிய தவறு வேறு இடத்தில் இருக்கிறது. 36 மி.லி. தண்ணீரில் எத்தனை மோல் என்று கேட்டால் 36-ஐ 22400-ஆல் வகுப்பவர்கள் உண்டு. தண்ணீர் திரவம். 36 மி.லி. என்பது 36 கிராம், 2 மோல். 22.4 வாயுவுக்கு மட்டும்.

எங்கள் ஊர் தருமபுரி பக்கம். தண்ணீரில் ஃபுளோரைடு பார்க்கும் செயல்திட்டத்துக்கு 100 மி.கி./லிட்டர் ஃபுளோரைடு கரைசல் தேவை. 100 மி.கி. சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் சரியா?

சரியில்லை, பாதிக்கும் குறைவாகத்தான் வரும். நீங்கள் நிறுப்பது NaF, கேட்டிருப்பது F⁻. NaF-இன் மோலார் நிறை 41.99, அதில் ஃபுளோரின் 19.00. 100 மி.கி. NaF-இல் ஃபுளோரைடு 100 × 19.00 ÷ 41.99 = 45 மி.கி. மட்டும். 100 மி.கி. ஃபுளோரைடு வேண்டும் என்றால் 100 × 41.99 ÷ 19.00 = 221 மி.கி. உப்பை நிறுக்க வேண்டும்.

இது உங்கள் வேலையில் எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் IS 10500 ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மி.கி. என்றும், வேறு நீர்வழி இல்லாதபோது 1.5 மி.கி. வரை என்றும் சொல்கிறது. உங்கள் ஒப்பீட்டுக் கரைசல் 1.5 என்று எழுதியிருந்தும் உண்மையில் 0.68 மட்டுமே இருந்தால், அதோடு ஒத்துப்போகும் கிணற்றுத் தண்ணீரை 1.5 என்று அறிவிப்பீர்கள். நல்ல தண்ணீர் கெட்டதாகத் தெரியும், ஊரில் வீண் பயம் வரும்.

சரியான தாய்க் கரைசல் கையில் இருந்தால் 1.5 மி.கி./லிட்டர் தயாரிப்பது எளிது. 1.5 மி.லி. எடுத்து 100 மி.லி. வரை நிரப்புங்கள். மோலாரிட்டியில் சொல்ல வேண்டுமானால் 1.5 ÷ 19 = 0.079 மில்லிமோல்/லிட்டர்.

நைட்ரேட் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். அறிக்கையில் 45 மி.கி./லிட்டர் என்றால் அது நைட்ரேட்டாகவா, அதிலுள்ள நைட்ரஜனாகவா? 45 மி.கி. நைட்ரேட்டில் நைட்ரஜன் சுமார் 10 மி.கி.தான். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும் முன் இது தெரிந்தாக வேண்டும். பாத்திரம் பற்றி ஒன்று: ஃபுளோரைடு கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம். நிறுக்கும்போது கையுறை போட்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். சோடியம் ஃபுளோரைடு நச்சுப் பொருள்.

விடைக்குறிப்பு இல்லாமலே விடை தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். சில எல்லைகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். தூய தண்ணீரின் சொந்த மோலாரிட்டியே 55.5தான்: ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1000 கிராம், 18.02-ஆல் வகுத்தால் அந்த எண். கரைந்திருக்கும் ஒரு உப்புக்கு அதற்கு மேல் விடை வந்தால் பார்க்கவே வேண்டாம், தப்பு. கடையில் வாங்கும் அடர் அமிலங்களிலேயே HCl 12, H₂SO₄ 18 என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

கரைதிறனும் உதவும். சமையல் உப்பு 25 °C-இல் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம்தான் கரையும். அப்படி நிறைவுற்ற கரைசல் ஏறத்தாழ 5.4 மோலார். சென்ற வாரம் ஒரு மாணவர் 11.7 கிராம் NaCl, 200 மி.லி. கரைசல் என்ற கணக்குக்கு 10 மோலார் என்று கொண்டுவந்தார். இந்த உப்பு அந்த அளவு கரையவே கரையாது என்று சொன்னதும் அவரே நோட்டைத் திருப்பிப் பார்த்தார். மோல் 0.2, அது சரி. 200 மி.லி.யை 0.02 லிட்டர் என்று எழுதியிருந்தார். 0.2 ஆக்கியதும் 1 மோலார் வந்தது, அந்த அட்டையின் மூன்றாவது வரியில் "0.02 போட்டேன், 10 வந்தது, உப்பு 5.4-க்கு மேல் கரையாது" என்று எழுதிக்கொண்டு போனார்.